டூரின் நகரத்து ரொட்டிக் கடையில் மாவு வெடித்த மாலை

1785 டிசம்பர் 14 அன்று மாலை ஆறு மணியளவில், வட இத்தாலியின் டூரின் நகரில் ஜியாக்கோமெல்லி என்பவரின் ரொட்டிக் கடையில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. பெரிய வெடி வெடித்தது போன்ற சத்தம் வெகுதூரம் கேட்டது. தெருவைப் பார்த்த சன்னல்கள் சட்டத்தோடு பிய்த்துக்கொண்டு விழுந்தன. கடையில் வெடிமருந்து எதுவும் இல்லை. எரிவாயு விளக்கு என்பதே அந்த ஊருக்கு வராத காலம். அங்கே இருந்தவை கோதுமை மாவும் சுவரில் தொங்கிய ஓர் எண்ணெய் விளக்கும்தான்.

மொரோட்சோ பிரபு என்னும் அறிவியல் ஆர்வலர் இதை நேரில் விசாரித்து, டூரின் அறிவியல் கழகத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். தூசி வெடிப்பைப் பற்றி இன்று எழுதப்படும் நூல்கள் பெரும்பாலும் இந்த அறிக்கையில்தான் தொடங்குகின்றன. அது மிகப் பழையது என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல. காரணம் தெரியாமலேயே மொரோட்சோ எல்லாத் தடயங்களையும் பதிவு செய்துவிட்டார். இன்றைய அறிவோடு படிக்கும்போது ஒவ்வொரு வரியும் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கடைக்குப் பின்கட்டு ஒன்று இருந்தது. அதன் மேலே மாவுக் கிடங்கு. ஆறு அடி உயரம், ஆறு அடி அகலம், ஏறத்தாழ எட்டு அடி நீளம். ஒரு குறுக்குச் சுவர் அதை இரண்டு அறைகளாகப் பிரித்தது. ஓர் அறையின் தளம் மற்றதைவிட இரண்டு அடி உயரம். சுவரின் நடுவே இரண்டரை அடி அகலமும் மூன்று அடி உயரமுமான ஒரு திறப்பு வழியாக மேல் அறை மாவைக் கீழ் அறைக்குத் தள்ளுவார்கள். கீழ் அறையில் ஒரு பையன் அதை வாரி, அடியில் இருந்த சலிப்பு எந்திரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாவு தானாகச் சரியாததால் திறப்பின் ஓரங்களைத் தோண்டினான். சற்று ஆழமாகத் தோண்டியபோது மாவு மொத்தமாகச் சரிந்தது. அடர்ந்த புகைமூட்டம் போல மாவு எழும்பி, விளக்கைத் தொட்டவுடன் பற்றிக்கொண்டது.

பையனின் முகமும் கைகளும் வெந்தன, தலைமுடி கருகியது. புண் ஆற இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. கிடங்குக்கு அப்பால் ஒரு சிற்றறையில் சாரத்தின் மேல் நின்ற இன்னொரு பையன், நெருப்பு தன் பக்கம் வருவதைக் கண்டு வீடே பற்றிக்கொண்டது என்று நினைத்துக் குதித்துக் காலை முறித்துக்கொண்டான். உயிர்ச்சேதம் இல்லை.

மொரோட்சோவின் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல் விழுந்தது. ஈர மாவு புளித்துச் சூடேறியிருக்குமோ என்று பார்த்தார். மாவு நன்றாகக் காய்ந்திருந்தது. புளிப்பும் இல்லை, சூடும் இல்லை. கடைக்காரர் சொன்ன செய்தி அந்தச் சந்தேகத்துக்கு நேர் எதிரானது. அந்த ஆண்டைப் போல உலர்ந்த மாவைத் தாம் கண்டதே இல்லை என்றார் அவர். ஐந்தாறு மாதமாக அந்தப் பகுதியில் மழையே இல்லை. ஈரத்தைத் தேடிப் போனவர் வறட்சியைக் கண்டுபிடித்துத் திரும்பியதுதான் இந்த விசாரணையின் திருப்பம் என்பேன்.

குவியல் எரியாது, மேகம் எரியும்

ஒரு தட்டில் மாவைக் குவித்துத் தீக்குச்சியால் தொட்டால் மேல்பரப்பு கருகும்; அவ்வளவுதான். எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும், அது குவியலின் உள்ளே போக வழியில்லை. அதே மாவு காற்றில் தூவப்பட்டால் ஒவ்வொரு துகளையும் சுற்றிக் காற்று இருக்கும். ஒரு துகள் எரியும் சூடு அடுத்ததைப் பற்றவைக்கும்; அதற்குத் தேவையான ஆக்சிஜன் பக்கத்திலேயே காத்திருக்கிறது. பெரிய விறகுக்கட்டையைத் தீக்குச்சியால் பற்றவைக்க முடியாது, சிராயை முடியும் என்பது அடுப்பு மூட்டிய எவருக்கும் தெரியும். தூசி அந்தச் சிராயின் கடைசி எல்லை.

துகளின் அளவு இங்கே பெரிய வேறுபாட்டைச் செய்கிறது. பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ள மரத்துணுக்கு ஒன்றை 0.05 மில்லிமீட்டர் துகள்களாகப் பொடித்தால் 8,000 துகள்கள் கிடைக்கும். எடை அதேதான், காற்றைத் தொடும் பரப்பு 20 மடங்கு. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருந்துணுக்குகள் மட்டும் இருந்தால் வெடிப்பை உண்டாக்குவது மிகக் கடினம். எனவே இழைப்புளியிலிருந்து சுருண்டு விழும் சீவலும், ரம்பம் தள்ளும் பருமனான தூளும் தனியாக அவ்வளவு ஆபத்தில்லை. உப்புத்தாள் எந்திரம் தேய்த்துத் தள்ளும் பவுடர் போன்ற மரத்தூள்தான் கவலைக்குரியது. மாவோடு ஒப்பிடத்தக்கது அதுவே. ஒரு தச்சுப் பட்டறையில் இரண்டும் கலந்தே கிடக்கும். பருந்தூள் கீழே விழுந்து காலடியில் தெரியும். நுண்தூள் காற்றோடு ஏறி உத்திரத்தின் மேல் போய்ப் படியும். பெருக்குபவர் பார்ப்பது முதலாவதை. வெடிக்கக் கூடியது இரண்டாவது.

எவ்வளவு அடர்த்தி வேண்டும்

“நாற்பது வருஷமாக இந்தத் தூசியில்தான் நிற்கிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்று பட்டறைக்காரர்கள் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். கோதுமை மாவு வெடிக்க ஒரு கன மீட்டர் காற்றில் குறைந்தது ஏறக்குறைய 50 கிராம் மிதக்க வேண்டும். நுண்மரத்தூளும் இதே வரிசையில்தான் வரும். மூச்சுக்குக் கெடுதல் என்று தொழிலாளர் நல விதிகள் தடுக்கும் அளவுகள் கன மீட்டருக்குச் சில மில்லிகிராம்தான். இரண்டுக்கும் இடையே பத்தாயிரம் மடங்கு தூரம் இருக்கிறது. தும்மலும் கண்ணெரிச்சலும் தரும் மங்கலான தூசிப்படலம் வெடிக்காது. வெடிக்கக் கூடிய மேகத்தின் அடர்த்தியை இப்படி உணரலாம்: கன மீட்டருக்கு 40 கிராம் தூசி இருந்தால், இரண்டு மீட்டர் தள்ளி எரியும் 25 வாட் பல்பு கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் ஒருவரும் வேலை செய்ய மாட்டார்கள்.

அப்படியானால் அந்த மேகம் எங்கே உண்டாகிறது? ஒன்று, எந்திரங்களின் உள்ளே: தூசி உறிஞ்சும் குழாய், அது போய்ச் சேரும் பை, மாவை மேலே ஏற்றும் வாளித் தொடர், தூள் கொட்டும் தொட்டி. அங்கே அந்த அடர்த்தி அன்றாடம் இருக்கக்கூடும். மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மற்றொன்று, குவிந்தோ படிந்தோ கிடப்பது ஒரே கணத்தில் காற்றில் எழும்பும்போது. டூரினில் நடந்தது இந்த இரண்டாவது. பையன் நாள்தோறும் அதே விளக்கடியில் அதே மாவை வாரியிருப்பான். அன்று மட்டும் மாவு மொத்தமாகச் சரிந்தது.

மேகம் மிகவும் அடர்ந்துவிட்டால் காற்றுப் போதாமல் அணைந்துவிடாதா என்று கேட்கலாம். எரிவாயுவுக்கு அப்படி ஒரு தெளிவான மேல் எல்லை உண்டு. தூசிக்கு அது நம்பத்தக்கதல்ல. ஒரு கன மீட்டர் காற்றிலுள்ள ஆக்சிஜன் சுமார் 230 கிராம் மாவை முழுமையாக எரிக்கும். அதைப் போலப் பல மடங்கு மாவு மிதந்தாலும், அதில் ஒரு பகுதி எரிந்து வெடிப்பு நடந்தே தீரும். தவிர, மேகம் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. நடுவில் மிகுதியாக இருந்தாலும் ஓரத்தில் சரியான அடர்த்தி கிடைத்துவிடும். டூரின் விளக்கு தொங்கியது சுவரோரத்தில்.

பற்றவைக்கவும் அதிகம் தேவையில்லை. மாவு மேகம் 400 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் பற்றிக்கொள்ளும். விளக்குச் சுடர் அதைவிட எவ்வளவோ சூடானது. இன்றைய பட்டறையில் சுடர் விளக்கு இல்லை. அதன் இடத்தை வறண்டு சூடேறிய பேரிங், வழுக்கி உராயும் பெல்ட், மரத்துக்குள் மறைந்திருந்து தேய்ப்பு எந்திரத்தில் பொறி கிளப்பும் ஆணி ஆகியவை எடுத்துக்கொண்டன.

எரிதல் எப்போது வெடிப்பாகிறது

மொரோட்சோவின் அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த வரி இது: தன் கடையில் நின்றிருந்த ஜியாக்கோமெல்லி, அறை முழுவதும் நெருப்பாவதை முதலில் பார்த்தார், சில கணம் கழித்தே அதிர்ச்சியை உணர்ந்தார். வெடிமருந்தில் இந்த இடைவெளியைக் காண முடியாது. தூசி வெடிப்பு என்பது முதலில் ஒரு தீ. மிக வேகமாகப் பரவும் தீ. அது காற்றைச் சூடாக்குகிறது, காற்று விரிய முயல்கிறது. இடம் திறந்திருந்தால் அது வெளியே போய்விடும். பார்ப்பவருக்கு ஒரு பெரிய தீப்பந்து தெரியும், முகம் கருகலாம், சுவர் விழாது. இடம் மூடியிருந்தால் விரிய முடியாத காற்று அழுத்தமாக மாறுகிறது. மேகம், மூடிய இடம் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் எரிதலின் பெயர் வெடிப்பு.

அழுத்தத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆய்வகத்தில் வலுவான இரும்புக் கலத்தினுள் மாவு மேகத்தை வெடிக்கச் செய்தால், வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏழெட்டு மடங்கு அழுத்தம் உண்டாகும். இந்தக் கலத்துக்கு ஈடாக ஒரு கட்டடமும் நிற்காது. ஆனால் கட்டடம் உடைய அதில் நூறில் ஒரு பங்கு போதும். வளிமண்டல அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 10 டன் விசை. எட்டு மடங்கில் நூறில் ஒன்று என்றால் 0.08 மடங்கு; அதாவது சதுர மீட்டருக்கு 800 கிலோ. இரண்டு சதுர மீட்டர்க் கதவின் மேல் அது 1.6 டன். சன்னல் சட்டங்கள் இதற்கு வெகு முன்பே பெயர்ந்துவிடும். சாதாரணச் செங்கற்சுவருக்கும் இது ஆபத்தான விசை.

இதன் மறுபக்கம்தான் கவனிக்க வேண்டியது. மேகம் அறையை நிறைக்கத் தேவையில்லை. அறையின் நூறில் ஒரு பங்கு மேகமாக இருந்து எரிந்தாலே, முழுதும் மூடிய அறையில் மேலே சொன்ன அழுத்தம் ஏறத்தாழ வந்துவிடும். ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர், மூன்று மீட்டர் உயரமுள்ள பட்டறையின் கொள்ளளவு 108 கன மீட்டர். அதில் ஒரு கன மீட்டர் மேகம் என்பது கால் கிலோ மாவு. டூரின் கிடங்கு அளவுகளை இன்றைய அடியாகவே எடுத்துக்கொண்டால் எட்டு கன மீட்டர்தான் (அந்தக் காலத்தில் அடி ஊருக்கு ஊர் மாறியது, கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்). சரிந்து விழுந்ததில் இரண்டு கிலோ மாவு சீராக எழும்பியிருந்தால் அந்த அறை முழுவதும் மிக நன்றாக எரியும் கலவை நிறைந்துவிடும். மூட்டைக் கணக்கில் அடுக்கியிருந்த மாவில் இது ஒரு சிட்டிகை.

தீ இரண்டு திசையில் போனது என்றும் மொரோட்சோ குறித்தார். ஒரு பங்கு, ஒரு சிறு துவாரம் வழியாக மேலே இருந்த சிற்றறைக்குள் புகுந்தது. அங்கே கதவும் சன்னல்களும் வலுவாக, இறுக்கமாக மூடியிருந்தன. தீ தெரிந்தது, ஒன்றும் உடையவில்லை. கால் முறிந்த பையன் நின்றது அங்கேதான். பெரும்பங்கு, ஒரு குறுகிய படிக்கட்டு வழியே பின்கட்டுக்கு இறங்கித் தெருச் சன்னல்களைப் பிடுங்கியது.

இறுக மூடிய அறை தப்பியது, மற்றப் பக்கம் உடைந்தது. நாம் இதுவரை பேசியதற்கு இது முரணாகத் தோன்றலாம். முரண் இல்லை. அழுத்தம் பலவீனமான வழியைத் தேடிப் போகும். தெருச் சன்னல்கள் விட்டுக்கொடுத்ததும் உள்ளே இருந்த அழுத்தம் அந்த வழியாக இறங்கிவிட்டது. சிற்றறையின் வலுவான சட்டங்கள் தாங்கக்கூடிய அளவைத் தாண்டி அது ஏறவே இல்லை. படிக்கட்டுக்கும் இதில் பங்குண்டு என்பது என் கணிப்பு. குறுகிய வழியில் தள்ளப்படும் காற்று கலங்கிச் சுழலும். கலங்கிய மேகத்தில் தீ மேலும் வேகமெடுக்கும். எரியாத மாவையும் அது தனக்கு முன்னால் உந்திக்கொண்டு போகும். பின்கட்டில் போய்ச் சேர்ந்தது வெறும் தீயல்ல, எரியத் தயாரான புதிய மேகமும் கூட. இன்றைய ஆலைகளில் தூசி சேரும் கலன்களுக்கு வேண்டுமென்றே ஒரு பலவீனமான தகடு பொருத்தி, அதை ஆள் நடமாட்டமில்லாத வெளிப்புறம் நோக்கி வைக்கிறார்கள். ஜியாக்கோமெல்லியின் சன்னல்கள் அந்த வேலையைத் தாமாகச் செய்தன. என்ன, அவை பார்த்தது தெருவை.

வறட்சியும் மரத்தூளும்

ஈரம் மூன்று விதமாகக் குறுக்கே நிற்கிறது. துகள்கள் ஒட்டிக்கொண்டு பெரிதாகிவிடுகின்றன, எழும்ப மறுக்கின்றன, எழும்பியவை எரியும்போது தண்ணீரை ஆவியாக்குவதில் சூட்டின் ஒரு பகுதி போய்விடுகிறது. வழக்கமான கோதுமை மாவில் 13, 14 சதவீதம் ஈரம் இருக்கும். அந்த ஈரத்திலும் மாவு வெடிக்கும், இதை யாரும் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். ஆனால் ஈரம் குறையக் குறையப் பற்றுவது எளிதாகும், வேகமும் கூடும். ஐந்தாறு மாத வறட்சி டூரினில் செய்தது இதைத்தான்.

அதே பாடத்தை மரத்தூள் 2012இல் கனடாவில் நடத்தியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு வண்டு, பைன் காடுகளைப் பெருமளவில் கொன்றிருந்தது. நின்றபடியே பட்டுக் காய்ந்த மரங்களை மர ஆலைகள் வாங்கி அறுத்தன. பச்சை மரத்தின் ஈரத்தூளுக்குப் பழகிய ஆலைகளில் உலர்ந்த, மேலும் நுண்ணிய தூள் பறக்கத் தொடங்கியது. ஜனவரி 20 இரவு, கடுங்குளிரில், பர்ன்ஸ் லேக் என்ற ஊரின் ஆலை வெடித்தது. இருவர் இறந்தனர், 20 பேர் காயமடைந்தனர். ஏப்ரல் 23 அன்று பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் இன்னோர் ஆலை. மீண்டும் இருவர் இறந்தனர், 22 பேர் காயமடைந்தனர்.  உள்ளே வந்த மரம் மாறியிருந்தது.

படிந்து கிடப்பது

டூரினில் உயிர் போகாததற்குக் கடை சிறியது என்பது ஒரு காரணம். பெரிய இடத்தில் முதல் வெடிப்பு பெரும்பாலும் கொல்வதில்லை. அது எழுப்பிவிடும் தூசி கொல்கிறது. முதல் அதிர்ச்சி உத்திரங்களிலும் குழாய்களின் முதுகிலும் படிந்ததை உதறிக் காற்றில் ஏற்றும்; பின்னால் வரும் தீ அதைப் பற்றவைக்கும். 1878 மே 2 அன்று மாலை, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வாஷ்பர்ன் ‘ஏ’ மாவு ஆலை இப்படித்தான் தரைமட்டமானது. உள்ளே இருந்த 14 பேரும் அக்கம்பக்கத்து ஆலைகளில் நால்வரும் மாண்டனர். மாவிலிருந்து தவிட்டைக் காற்றால் ஊதிப் பிரிக்கும் புதிய முறை அப்போது பரவியிருந்தது. வெள்ளை மாவு கூடுதலாகக் கிடைத்தது; கூடவே கட்டடம் முழுவதும் தூசியும். அதற்குப் பிறகு கட்டிய ஆலையில் தூசியைப் பிடித்து அகற்றும் ஏற்பாடு அடிப்படைத் தேவையாகிவிட்டது.

படிவு எவ்வளவு இருந்தால் ஆபத்து என்பதை மேலே சொன்ன பட்டறையிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மாவுப் படிவு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ அரைக் கிலோ. அது முழுவதும் மூன்று மீட்டர் உயரத்துக்கு எழும்பிப் பரவினால் கன மீட்டருக்கு 167 கிராம். தேவையான 50 கிராமுக்கு மூன்று மடங்கு. நுண்மரத்தூள் லேசானது, அதன் ஒரு மில்லிமீட்டர்ப் படிவு 67 கிராம் போலத் தரும். அதுவும் எல்லைக்கு மேலேதான். அமெரிக்க வழிகாட்டுதல்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அளவும் இதற்கு நெருக்கம்: அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர். தாள்களைக் கோக்கும் கிளிப்பின் கம்பி அந்தக் கனம்தான் இருக்கும். தளத்தின் பரப்பில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு அந்தக் கனத்தில் படிந்திருந்தாலே சுத்தம் செய்தாக வேண்டும் என்பார்கள்.

அளவுகோல் இல்லாமலும் பார்க்கலாம். ஏணி போட்டு ஏறி உத்திரத்தின் மேல்புறத்தை, விளக்கு மூடியின் முதுகை, சுவிட்சுப் பெட்டியின் மேல்தட்டைப் பாருங்கள். பெயின்டின் நிறம் தெரியவில்லை, விரலால் பெயர் எழுத முடிகிறது என்றால் அந்தப் படிவு போதுமான கனத்தை எட்டிவிட்டது. தரை எவ்வளவு சுத்தம் என்பது இங்கே சாட்சியாகாது.

சுத்தம் செய்யும் விதத்தில்தான் பல பட்டறைகள் வழுக்குகின்றன. கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சி உத்திரத்தை ஊதினால் டூரின் பையன் தவறிச் செய்ததை நாம் வேண்டுமென்றே செய்கிறோம். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தால் விளக்கும் தயாராக இருக்கிறது. ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். அதுவும் எரியும் தூசிக்கென்றே செய்த வாக்குவம் எந்திரத்தால். வீட்டு வாக்குவம் கிளீனரின் மோட்டார் தன்னுள்ளேயே பொறி விடும். தூசிக்கென்றே செய்த வாக்குவம் கிடைக்காத இடத்தில் எந்திரங்களை நிறுத்தி, ஆறவிட்டு, ஈரத்துணியாலோ மென்மையான தூரிகையாலோ மெல்லத் துடைத்துக் கீழே இறக்கலாம். தூசி சேரும் பையைப் பட்டறைக்கு வெளியே வைப்பது நல்லது. குழாய்கள் உலோகமாக, ஒன்றோடொன்று மின்தொடர்புடன், தரைக்கு எர்த் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் தூள் ஓடும்போது நிலைமின்சாரம் சேர்ந்து பொறி பறக்கலாம்.

பைக்குள்ளோ தொட்டிக்குள்ளோ கருகல் வாசனை வந்தால் முதலில் உறிஞ்சும் விசிறியை நிறுத்த வேண்டும். மூடியைத் திறந்து பார்ப்பதும் வாளித் தண்ணீரை வீசுவதும் கூடாது. உள்ளே கனன்றுகொண்டிருக்கும் தூளை அந்த வீச்சே காற்றில் ஏற்றிவிடும். பற்றவைக்கும் நெருப்பு ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். வருபவர்களிடம் உள்ளே இருப்பது தூள் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், நேர்ப் பீய்ச்சலைத் தவிர்த்துப் பனி போல மென்மையான தூவலால் மெதுவாக நனைப்பார்கள்.